கீச்சொலி, மெத்தென்ற பெடல், பிடிக்காத ஹேண்ட் பிரேக்: மூன்றுக்கும் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி: "என்னுடையது எட்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார், 68,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. மெதுவாகப் போகும்போது முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது. பிரேக் பெடல் முன்பைவிடக் கீழே போகிறது, மெத்தென்றும் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் ஐந்து கிளிக்கில் பிடித்தது. இப்போது ஒன்பது இழுத்தாலும் சரிவில் வண்டி நகர்கிறது. பட்டறையில் பிரேக் ஆயில் ஊற்றி, கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே கதை. அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம். எதை மாற்ற வேண்டும்?"

முதலில் பெடலைச் சரி செய்யுங்கள். அது சரியாகும் வரை மலைக்குப் போக வேண்டாம். கீச்சொலி சில நாட்கள் காத்திருக்கும், பலவீனமான ஹேண்ட் பிரேக்குக்குச் சக்கரத்தின் அடியில் கல் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் மெத்தென்ற பெடல் இறக்கத்தில் எந்த நேரத்தில் தரையைத் தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்ததாக, உங்கள் வண்டிக்குப் பட்டறையில் செய்த இரண்டு வேலைகளும் பழுதுநீக்கம் அல்ல. ஆயிலை ஊற்றியதும் கேபிளை இறுக்கியதும் தேய்மானத்தைக் காட்டிக்கொண்டிருந்த இரண்டு அளவுகோல்களை அழித்திருக்கின்றன. நான் 24 ஆண்டுகளாகப் பட்டறையில் பிரேக் வேலை செய்துவருகிறேன்; மலைச்சாலையில் பிரேக் போய்விட்டது என்று வந்த வண்டிகளில் பலவற்றில், அதற்குச் சில வாரங்களுக்கு முன் யாரோ ஒருவர் இப்படி ஆயில் ஊற்றியிருந்தார்.

உங்கள் வகைக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருக்கும். டிஸ்க் என்பது சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன், இரண்டு பேடுகளுக்கிடையே அந்தத் தட்டை இறுக்குகிறது. டிரம் என்பது குடுவை போன்ற வார்ப்பு. அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன, வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளி டிரம்மின் உட்சுவரில் உரசச் செய்கிறது. இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு, தேய்மானத்தை அவை ஈடுகட்டிக்கொள்ளும் முறையில் இருக்கிறது. டிஸ்க்கில் பேட் தேயத் தேய பிஸ்டன் தானாகவே சற்று முன்னால் வந்து நின்றுகொள்வதால் பெடலின் உயரம் மாறுவதில்லை. டிரம்மில் ஷூ தேய்ந்தால் அதற்கும் சுவருக்கும் இடைவெளி கூடும். அதைக் குறைக்கப் பல் சக்கரமோ ராட்செட்டோ கொண்ட ஓர் அட்ஜஸ்டர் உள்ளே இருக்கிறது. தூசியும் துருவும் ஏறி அது இறுகிப்போனால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளில் இரண்டை இந்த ஒரே பழுதால் விளக்கிவிட முடியும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கீச்சொலியைப் பொறுத்தவரை, அது எப்போது வருகிறது என்பதே பாதி விடை. இரவு மழையில் நனைந்த வண்டியை காலையில் எடுத்ததும் வரும் கரகரப்பு, டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துருவால் வருவது. நான்கைந்து முறை பிரேக் பிடித்ததும் மறைந்துவிடும், அதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை. பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது மட்டும் வந்து, அழுத்தமாகப் பிடித்தால் நின்றுவிடும் ஒலி பெரும்பாலும் அதிர்வினால் எழுவது: பேடின் பின்னால் உள்ள ஒலித்தடுப்புத் தகடு காணாமல் போயிருக்கும், அல்லது பேட் அமரும் இடத்தில் கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது பேடின் முகம் சூட்டில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். பிரேக்கில் கால் வைக்காமலேயே, வண்டி ஓடும்போது மெல்லிய கூரிய ஒலி சக்கரத்தின் வேகத்துக்கேற்ப எழுந்து, பிரேக் பிடித்ததும் மாறுகிறது அல்லது நின்றுவிடுகிறது என்றால், அது பேடுடன் பொருத்தப்பட்ட ஓர் எஃகு நாக்கின் குரல். பேடின் உராய்வுப்பொருள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டு ஒலி எழுப்பவே அதை வைத்திருக்கிறார்கள். புதிய பேடில் அந்தப் பொருள் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். நீங்கள் "மெதுவாகப் போகும்போது" என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, பிரேக் பிடிக்கும்போது என்று எழுதவில்லை. ஆகவே இந்த மூன்றாவது வகையாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பார்த்து "பேட் நிறைய இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். அப்படிப் பார்ப்பது வெளிப் பேடை மட்டுமே. காலிபர் நகர வேண்டிய இரண்டு ஊசிகளும் துருவேறி இறுகிவிட்டால், பிஸ்டன் பக்கம் உள்ள உட்பேட் மட்டும் வேகமாகத் தேயும்; வெளியில் 6 மில்லிமீட்டரும் உள்ளே 1 மில்லிமீட்டரும் இருந்த வண்டிகளை நானே கழற்றியிருக்கிறேன். ஆகவே சக்கரத்தைக் கழற்றி, உட்பேடையும் பார்த்து, ஊசிகள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒலியை அலட்சியம் செய்தால் அடுத்து வருவது இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம். அந்தக் கட்டத்தில் பேடுடன் டிஸ்க்கும் போய்விடும்.

இங்கேதான் ஆயில் ஊற்றிய கதை வருகிறது. பேட் தேயும்போது பிஸ்டன் முன்னால் வருகிறது, அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப மேலே உள்ள டப்பாவிலிருந்து ஆயில் இறங்குகிறது. எனவே அதிகக் கோட்டிலிருந்து குறைந்த கோட்டை நோக்கி மாதக்கணக்கில் மெல்ல இறங்கும் மட்டம், கசிவு இல்லாத வண்டியில் பேட் தேய்ந்ததற்கான அளவுகோல். அதை நிரப்பிவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையும், பேட் மட்டும் தேய்ந்தபடியே இருக்கும். பின்னர் புதிய பேட் போடும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதிகமாக ஊற்றிய ஆயில் டப்பாவின் வாயால் வழிந்து, பட்ட இடத்தில் பெயிண்டை உரித்துவிடும். மாறாக, பேடில் போதுமான கனம் இருந்தும் மட்டம் சில நாட்களிலேயே இறங்கினால் அது கசிவுதான். இரண்டு வாரத்துக்கு முன் நிரப்பிய உங்கள் டப்பாவின் மட்டத்தை இன்றே பாருங்கள். இறங்கியிருந்தால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

இனி பெடல். "கீழே போகிறது", "மெத்தென்று இருக்கிறது" என்று இரண்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். இவை வெவ்வேறு பழுதுகள், ஒரே வண்டியில் சேர்ந்தும் வரலாம். பெடல் அதிக தூரம் இறங்கி, இறங்கிய இடத்தில் கல்லைப்போல் நிற்கிறது என்றால் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். எந்த இடத்திலும் கெட்டியாக நிற்காமல், காற்றடைத்த பந்தைக் காலால் அழுத்துவதுபோல் அமுங்கிக்கொண்டே போகிறது என்றால், குழாய்களுக்குள் அமுங்கக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும், ஆவி அமுங்கும், வயதான ரப்பர் குழாய் பலூன்போல் விரியும்.

இதை வீட்டு வாசலிலேயே பிரித்தறியலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெடலை ஒருமுறை அழுத்தி எந்த உயரத்தில் நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் பின் டிரம்மில் உள்ள ஷூக்களை முன்னதாகவே விரித்துவிடுவதால், இப்போது பெடல் தெளிவாக மேலே நிற்குமானால், பெடல் இறங்கியதற்குக் காரணம் பின் ஷூக்களின் இடைவெளிதான். உயரம் மாறவில்லை என்றால், பெடலை வேகமாக மூன்று முறை அடித்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள்; பெடல் மேலே வந்தும் அந்த மெத்தென்ற தன்மை போகவில்லை என்றால் குழாயில் காற்று இருக்கிறது. கடைசியாக, மிதமான அழுத்தத்தில் அரை நிமிடம் காலை அசைக்காமல் வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி நழுவினால், வெளியே எங்கும் கசிவு தென்படாவிட்டாலும், பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தாங்காமல் திரவத்தைப் பின்னுக்கு விடுகிறது. அந்த வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது நடக்கும் ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுடையதைப் போன்ற பழைய வண்டிகளில் இதனால்தான் நல்ல மாஸ்டர் சிலிண்டர் கெடுகிறது. உதவியாளர் பெடலைத் தரை வரை ஓங்கி மிதிக்கிறார். எட்டு ஆண்டுகளாக அந்த ரப்பர் வளையம் சிலிண்டரின் மேற்பகுதியில் மட்டுமே நகர்ந்திருக்கும். அடிப்பகுதியில் அழுக்கும் அரிப்பும் படிந்திருக்கும். தரை வரை மிதிக்கும்போது வளையம் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிகிறது, மறுநாள் பெடல் நழுவத் தொடங்குகிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் போதும், இது நடக்காது.

காற்று புகாமலேயே, குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்த பெடல் சூட்டில் மட்டும் மெத்தென்று ஆவதும் உண்டு. நீங்கள் மலைக்குப் போவதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. ஐந்து பேருடன் கொல்லிமலையிலிருந்து காரவள்ளி நோக்கி இறங்கியிருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நான்காவது கியரிலேயே விட்டு, இடைவிடாமல் பிரேக்கில் கால் வைத்தபடி வந்திருக்கிறார் ஓட்டியவர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்தபின் பெடல் முதலில் இளகியது, அடுத்த வளைவுக்குள் தரையைத் தொட்டது. அவர் பதற்றத்திலும் கியரை இரண்டாவதற்கும் பிறகு முதலாவதற்கும் மாற்றி, ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்தியபடியே விட்டு விட்டு இழுத்து, மலைப்பக்கச் சுவரை உரசி நிறுத்திவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. ஊர் திரும்பியதும் முதலில் காட்டிய வேறொரு பட்டறையில், பேட் இருக்கிறது, கசிவு இல்லை, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் ஒரு கோப்பில் எல்லா ரசீதுகளையும் வைத்திருந்தார். ஆறு ஆண்டுகளில் பிரேக் ஆயில் மாற்றியதற்கு ஒரு ரசீதும் இல்லை. காலிபரிலிருந்து எடுத்த ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. முன் டிஸ்க்குகளில் நீலம் பாய்ந்திருந்தது, பேடில் 4 மில்லிமீட்டர் மீதமிருந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டப்பாவின் மூச்சுத்துளை வழியாகவும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல அதில் சேர்கிறது. டாட் 4 தரத்துக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 155 டிகிரி. டாட் 3 தரத்துக்கு அவை 205, 140. இப்போது இறக்கத்தின் கணக்கைப் பாருங்கள். ஆட்களுடன் 1,300 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், 40 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமானது. என்ஜின் தடுப்பதும் காற்று தடுப்பதும் போக மீதி முழுவதும் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். முன் டிஸ்க்குகளுக்கு அதில் பெரும்பங்கு. பேட் தேய்ந்திருந்தால் சூட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள தடுப்பு மெலிந்திருக்கும். அந்த வண்டியில் காலிபரில் இருந்த ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாயின, பெடலின் ஓட்டம் முழுவதும் அவற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துபோனது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமானது. அதனால்தான் அந்த முதல் பட்டறையில் ஒன்றும் தெரியவில்லை.

சூட்டில் பிரேக் குறையும் வேறொரு விதமும் உண்டு: பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது, கருகிய வாடை அடிக்கும். அது பேடின் உராய்வு சூட்டில் குறைந்ததால் வருவது, ஆயிலால் அல்ல. இரண்டுக்கும் நிறுத்தி ஆறவிடுவதே உடனடி வழி. ஆனால் முதலாவதற்கு வீடு திரும்பியதும் ஆயிலை முழுவதும் மாற்றியாக வேண்டும். மேலே உள்ள டப்பாவை மட்டும் உறிஞ்சி நிரப்புவது மாற்றியதாகாது. நான்கு சக்கரங்களின் நிப்பிள் வழியாகவும் புதிய ஆயில் தெளிவாக வரும்வரை பழையதை வெளியேற்ற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்வேன். மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் திரவம், அதை இவற்றுடன் கலக்கக் கூடாது.

ஹேண்ட் பிரேக்குக்கு வருவோம். நான்கு முதல் ஏழு கிளிக்குக்குள் பிடிப்பது பல சிறிய கார்களில் வழக்கம், உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். ஐந்தில் பிடித்தது ஒன்பதுக்குப் போனதும் எல்லாரும் கேபிள் நீண்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கேபிள் சிறிதளவு நீள்வது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் நீண்டிருப்பது ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள தூரம். அந்த நிலையில் கேபிளை இறுக்கினால் ஷூவில் உள்ள நெம்புகோல் தன் ஓய்விடத்துக்குத் திரும்ப முடியாமல் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும். அது ஓய்விடத்துக்கு வந்தால்தான் பல வடிவமைப்புகளில் அட்ஜஸ்டர் வேலை செய்யும். ஆகவே இறுக்கிய கேபிள், தானாகச் சரியாகும் வழியையும் அடைத்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் உங்களுக்குப் பழைய நிலை திரும்பியதற்கு இதைத்தான் சந்தேகிக்கிறேன்.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் கேபிளை முழுவதும் தளர்த்த வேண்டும். பிறகு டிரம்மைக் கழற்றி, தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காற்றடித்து ஊதக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஷூவின் மேல் உள்ள உராய்வுப்பொருளான லைனிங்கின் கனம் 1.5 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். அட்ஜஸ்டரைக் கழற்றித் துரு நீக்கி, அதன் திருகுக்கு மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் தொட்டு வைத்து, சக்கரம் கையால் சுழலும்போது ஷூ மெல்ல உரசும் அளவுக்குத் திருப்ப வேண்டும். பெடலைச் சில முறை மிதித்து ஷூக்களை நடுவில் அமரவைத்த பிறகே, கடைசி வேலையாகக் கேபிளைத் தொட வேண்டும். டிரம் கழன்றிருக்கும்போது வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் சற்று விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் கசிகிறது. லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால் ஹேண்ட் பிரேக் பிடிக்காததற்கும், டப்பாவின் மட்டம் இறங்குவதற்கும் அதுவே காரணமாகலாம். ஆயில் ஊறிய ஷூவை மணல்தாளால் தேய்த்துத் திரும்பப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள்; சூடேறும்போது ஆயில் மீண்டும் மேலே வரும்.

எனவே உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வேலை: முன் பேடுகள் இரு பக்கமும் புதிது, காலிபர் ஊசிகளுக்குச் சுத்தமும் கிரீஸும், பின் டிரம் இரண்டையும் திறந்து மேலே சொன்ன வரிசை, கடைசியில் நான்கு சக்கரத்திலும் ஆயில் மாற்றம். மாஸ்டர் சிலிண்டரை அரை நிமிடச் சோதனையில் பெடல் நழுவினால் மட்டும் மாற்றுங்கள். டிஸ்க்கின் கனத்தை அளந்து, அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தால் அதுவே தொடரலாம்.

இதைப் பயணத்துக்கு முந்தைய நாள் செய்யாமல் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். புதிய பேட் டிஸ்க்கில் பொருந்தி அமரச் சில நூறு கிலோமீட்டர் ஆகும்; அதுவரை திடீரென்று அழுத்திப் பிடிக்காமல் மிதமாகப் பிடித்து ஓட்ட வேண்டும். புறப்படும் நாளன்று காலையில், ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக்கில் பிடிக்கிறது என்று எண்ணுங்கள், டப்பாவின் மட்டத்தையும் பாருங்கள். வேலை முடிந்த அன்று குறித்துவைத்த கிளிக்கைவிட இரண்டு கூடியிருந்தாலோ மட்டம் இறங்கியிருந்தாலோ டிரம்மை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். மலை இறங்கும்போது, ஏறியபோது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கி, வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து முழுவதும் விட்டுவிடுங்கள்.